"மினி டிவி என்ன விலை?": முன்பின் தெரியாதவர்களுக்குப் போன ஒரு கேப்ஷன்

பழைய வீடியோ கேசட்டில் இருப்பதை மொபைலில் பார்க்கும் கோப்பாக மாற்றித் தரும் ஒரு சிறு தொழில் இது. நடத்துபவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வேலைக்கு ஆள் இரண்டே பேர். வாடிக்கையாளர்கள் கேசட்டைப் பார்சலில் அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் கோப்பும் கேசட்டும் திரும்பிப் போகும். ஆறேழு வருடமாக ஃபேஸ்புக் பக்கத்தைப் பின்தொடர்பவர்களிடமிருந்தும் அவர்கள் சொல்லி வருபவர்களிடமிருந்தும்தான் வேலை வந்துகொண்டிருந்தது. அது குறையத் தொடங்கியதும், நன்றாக லைக் வாங்கிய ஒரு பதிவை எடுத்து, புதியவர்களுக்கும் போய்ச் சேரும்படி பணம் கட்டி பூஸ்ட் செய்தார். அந்தப் பதிவு இது:

"நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், நாங்களும் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். இதோ, வந்தேவிட்டது நம் புதிய மெஷின்! இனி மினி டிவியும் நம்மிடம். நினைவுகளை மீட்டெடுப்போம், வாருங்கள். விவரங்களுக்கு இன்பாக்ஸ்."

படத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, பக்கத்தில் சிரித்தபடி அக்கா. பின்தொடர்பவர்கள் மத்தியில் இது அருமையாகப் போன பதிவு. "கலக்கிட்டீங்க அக்கா", "என் கேசட்டை எடுத்து வைங்க" என்று வரிசையாகக் கமெண்ட். பூஸ்ட் செய்த இரண்டாம் நாளே கமெண்டின் தன்மை மாறிவிட்டது. "டிவி என்ன விலை?", "எத்தனை இன்ச்?", "இ.எம்.ஐ. உண்டா?"

மினி டிவி என்று அவர் எழுதியது ஒரு கேசட் வகையை. கேம்கார்டர்களில் போடும் சின்ன டிஜிட்டல் கேசட்டுக்கு அதுதான் பெயர். ஆங்கிலத்தில் இது DV, தொலைக்காட்சி TV, முதல் எழுத்து வேறு; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வருடக்கணக்காகக் கூட இருந்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அக்கா எதைச் செய்பவர் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பின்னணி இல்லாதவர் சின்னத் தொலைக்காட்சி விற்கிறார்கள் என்றுதான் படிப்பார். படத்திலும் ஒரு கறுப்புப் பெட்டிதானே இருக்கிறது. தப்பு அவர்களுடையது இல்லை.

அக்கா உடனே கேப்ஷனைத் திருத்தப் பார்த்தார், முடியவில்லை. பூஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பதிவின் கேப்ஷனில் கை வைக்க முடியாது. பூஸ்டை நிறுத்தினால்தான் உண்டு. நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

நான் முதலில் பார்த்தது எண்களை இல்லை, கமெண்டுகளையும் மெசேஜ்களையும். கேப்ஷன் சொல்லாமல் விட்டது எது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஒருவர் ஒரு கேள்வி கேட்கிறார் என்றால் அதே கேள்வி மனதில் எழுந்து, கேட்காமல் நகர்ந்தவர்கள் பலர் இருப்பார்கள். டிவி கேட்டவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மீதி கேள்விகள் மூன்றே வகை: இது என்ன கடை, நான் என்ன தர வேண்டும், கேசட் தொலைந்தால் யார் பொறுப்பு. மூன்றாவது கேள்விக்குக் கீழே பதிலே இல்லை. அக்கா அதைப் பார்க்கவே தவறியிருந்தார். பணம் கட்டி ஒரு பதிவைப் புதியவர்கள் முன் வைக்கும்போது, பதில் இல்லாமல் தொங்கும் அந்தக் கமெண்டையும் சேர்த்தேதான் அவர்கள் முன் வைக்கிறோம்.

அப்புறம் கேப்ஷனை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தோம். "நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்" என்று தொடங்குகிறது. புதியவர் எதையும் கேட்கவில்லை. முதல் வரியிலேயே இது வேறு யாருக்கோ எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "நம் புதிய மெஷின்" என்கிறது. பழைய மெஷின் எது என்றே அவருக்குத் தெரியாது, "நம்" என்பதில் அவர் இல்லை. "நினைவுகளை மீட்டெடுப்போம்" என்பதைப் புகைப்படக் கடைக்காரரும் சொல்லலாம், சுற்றுலா நடத்துபவரும் சொல்லலாம். "விவரங்களுக்கு இன்பாக்ஸ்" என்றால், எந்த விவரத்துக்கு? முழுக் கேப்ஷனில் "கேசட்" என்ற சொல்லே இல்லை. இதைக் காட்டியபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தினமும் அதையேதானே தம்பி பார்க்கிறேன், அதைத் தனியாகச் சொல்லணும்னு தோணவே இல்லை" என்றார்.

இந்த ஒரு சோதனையை நான் எல்லோருக்கும் சொல்வேன். பக்கத்தின் பெயரையும் படத்தையும் கையால் மறைத்துவிட்டு, கேப்ஷனின் முதல் இரண்டு வரியை மட்டும் தொழிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள். "இவங்க என்ன செய்றாங்க?" என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தாலே கேப்ஷன் தயாராகவில்லை என்று அர்த்தம்.

முதல் இரண்டு வரி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீளமான கேப்ஷனின் தொடக்கம்தான் திரையில் தெரியும், மீதி "See more" அல்லது "more" என்பதற்குப் பின்னால் போய்விடும். விளம்பர வாசகத்துக்கு 125 எழுத்துக்குறி என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. இந்தக் கணக்கு தமிழுக்கு இன்னும் இறுக்கம். "இருக்கிறதா" என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு 10 குறிகள், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் அதற்குத் தனித்தனி. நம் சொற்களும் நீளம். ஆக 125-க்குள் பதின்மூன்று, பதினான்கு சொல் வந்தாலே அதிகம். திரையில் எங்கே வெட்டுகிறது என்பது மொபைலைப் பொறுத்து மாறும் என்பதால் எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வெளியிடும் முன் ஒரு சின்னத் திரை மொபைலில் முன்னோட்டம் பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் பதின்மூன்று சொல்லுக்குள் என்ன வர வேண்டும் என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். என் முதல் வரைவு வயதானவர்களைக் குறிவைத்தது: "50 வயதைக் கடந்தவரா நீங்கள்? உங்கள் இளமைக்கால வீடியோக்கள்..." என்று போகும். அதை நானே கிழித்துப் போட்டேன். படிப்பவரின் வயது, மதம், உடல்நிலை, பண நிலைமை போன்றவை விளம்பரதாரருக்குத் தெரியும் என்பதுபோல எழுதுவதை மெட்டாவின் விளம்பர விதி அனுமதிப்பதில்லை, பதிவு நிராகரிக்கப்படும். விதியை விடுங்கள், யாரென்றே தெரியாத ஒருவர் என் வயதைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே பிடிக்காது. ஆளைச் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதில், அவர் வீட்டில் இருக்கும் பொருளைச் சொல்லிக் கூப்பிடலாம். கேசட் வைத்திருப்பவர் தானாக நிற்பார், இல்லாதவர் நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது வரைவு ஒரு தகவலோடு தொடங்கியது. வி.எச்.எஸ். வீடியோ கேசட் ப்ளேயர் தயாரிப்பில் கடைசிவரை இருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. உண்மையான தகவல், யாரும் சரிபார்க்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் முதல் இரண்டு வரியை அதுவே தின்றுவிட்டது. அக்கா என்ன செய்கிறார் என்பது மறுபடியும் உள்ளே போய்விட்டது. படிப்பவருக்கு அது ஒரு செய்தித் துணுக்காகத்தான் தெரியும். அதையும் விட்டோம்.

கடைசியில் நின்றது இது:

"வீட்டில் பழைய வீடியோ கேசட் இருக்கிறதா? ப்ளேயர்தான் இல்லையா? அதில் இருப்பதை மொபைலில் பார்க்கும்படி மாற்றித் தருகிறோம்."

சரியாக 117 குறிகள். அலங்காரம் எதுவும் இல்லை. "டிஜிட்டலாக மாற்றுகிறோம்" என்று எழுதத்தான் அக்கா விரும்பினார். தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். கேசட் வைத்திருப்பவர் அந்தச் சொல்லில் யோசிப்பதில்லை. "இதை எப்படிப் பார்க்கிறது" என்றுதான் யோசிக்கிறார். மொபைலில் பார்க்கலாம் என்றால் அவருக்குக் கண்முன் வந்துவிடுகிறது. படத்தையும் மாற்றினோம்: ஒரு கையில் கேசட், இன்னொரு கையில் வீடியோ ஓடும் மொபைல்.

இதற்குக் கீழே வழக்கமான வரிகள்: பல வருட அனுபவம், சிறந்த தரம், நியாயமான கட்டணம், மெசேஜ் செய்யுங்கள். இந்த முறை பூஸ்டின் இலக்கையும் லைக், கமெண்டிலிருந்து மெசேஜுக்கு மாற்றினோம். முன்பு வைத்திருந்த இலக்கு, எதைப் பார்த்தாலும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைத்தான் தேடிப் பிடிக்கும்.

டிவி கேட்டு யாரும் வரவில்லை. மெசேஜ் வந்தது. ஆனால் பெரும்பாலானவை ஒரே மாதிரி: "விலை?" அக்கா விலை சொல்வார், அதோடு உரையாடல் முடிந்துவிடும். கட்டணம் அதிகமோ என்று அக்காவுக்குக் கவலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை மட்டுமே பிரச்சினை என்றால் கொஞ்சம் குறையுங்கள் என்று சிலராவது பேரம் பேசியிருப்பார்கள். இவர்கள் பேசவே இல்லை. நடுவில் ஒரே ஒருவர் மட்டும் வெளிப்படையாக எழுதியிருந்தார்: "எங்க அப்பா குரல் இருக்கிற ஒரே கேசட் இது. பார்சல்ல போட மனசு வரல."

அந்த மெசேஜைப் படித்த பிறகுதான் எனக்கே விஷயம் முழுதாகப் புரிந்தது. இது ஒரு பொருளை வாங்கச் சொல்லும் விளம்பரம் இல்லை. இன்னொன்று செய்ய முடியாத ஒரு பொருளை, முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பிவைக்கச் சொல்கிறோம். அதற்கு "பல வருட அனுபவம்" என்ற வரி எந்தத் தைரியத்தையும் தராது. ஏமாற்றுபவரும் அந்த வரியை எழுதலாம்.

அக்காவிடம் கேட்டேன், "ஒரு பார்சல் வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன், பிரிப்பேன். ஒவ்வொரு கேசட்லயும் நம்பர் ஒட்டி, மொத்தமா ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். அப்புறம் எத்தனை வந்துச்சுன்னு சண்டை வரக் கூடாதுல்ல."

"அப்புறம்?"

"பூஞ்சை இருக்கான்னு பார்ப்பேன். இருந்தா மெஷின்ல போட மாட்டேன், மெஷினும் கெட்டுப்போகும், மத்தவங்க கேசட்டுக்கும் ஒட்டிக்கும். சுத்தம் பண்ணிட்டுத்தான். முதல் ஒரு நிமிஷம் மட்டும் எடுத்து அவங்களுக்கு அனுப்புவேன். சரின்னா மீதி. மூணு மணி நேர கேசட்னா மூணு மணி நேரம் ஓடித்தான் ஆகணும், வேகமா ஓட்ட வழியில்ல."

"இதை எங்கேயாவது எழுதியிருக்கீங்களா?"

"இதெல்லாம் சாதாரண வேலைதானே தம்பி, இதையா எழுதுறது?"

முன்பின் தெரியாதவருக்கு எழுதும் கேப்ஷனுக்கான சரக்கு பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். தொழில் செய்பவர் சாதாரணம் என்று நினைத்துச் சொல்லாமல் விடும் இடத்தில் இருக்கும். "பாதுகாப்பாகக் கையாளுகிறோம்" என்பதை நம்ப வேண்டும்; "எண் ஒட்டிப் படம் எடுத்து அனுப்புவோம்" என்பதை மனதில் பார்க்க முடியும், நடந்ததா என்று பிறகு சரிபார்க்கவும் முடியும். மூன்றாவது கேப்ஷனில் முதல் வரிகளை அப்படியே விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் இப்படி மாற்றினோம்:

"பார்சல் வந்த அன்றே ஒவ்வொரு கேசட்டுக்கும் எண் ஒட்டி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவோம். எத்தனை வந்தது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி அனுப்புவோம். பார்த்துவிட்டுச் சரி என்று நீங்கள் சொன்ன பிறகுதான் மீதி வேலை. வேண்டாம் என்றால் கேசட் அப்படியே திரும்பி வரும்.

பூஞ்சை பிடித்த கேசட்டில் சில இடங்கள் மீளாமல் போகலாம். எந்த இடம் என்று முன்பே சொல்லிவிடுவோம்.

இப்போதைக்கு எதையும் அனுப்ப வேண்டாம். கேசட்டை ஒரு படம் எடுத்து மெசேஜில் போடுங்கள். அது என்ன வகை, மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்கிறோம்."

இதில் இரண்டு இடத்தில் எங்களுக்குள் விவாதம் வந்தது. பூஞ்சை வரி வேண்டாம் என்றார் அக்கா. முதல்முறை பார்ப்பவரிடம் எதற்குக் குறையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பதில் "100% பாதுகாப்பு" என்று போடலாமே என்றார். பார்சல் வழியில் நடப்பது அவர் கையில் இல்லை. கையில் இல்லாததற்கு நூறு சதவீதம் உறுதி தந்தால் அது பொய், ஒரு கேசட் தொலைந்தாலும் அந்த வரி கமெண்டில் வந்து நிற்கும். பூஞ்சை வரியை நான் விடாமல் வைத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லாம் முடியும் என்கிறவரைவிட, இது முடியாமல் போகலாம் என்று முன்கூட்டிச் சொல்பவரைத்தான் தெரியாத ஒருவர் நம்புவார். கேசட்டை நிஜமாகவே கையாண்டவருக்குத்தான் பூஞ்சை பற்றித் தெரியும் என்பதும் அந்த வரியில் சேர்ந்தே வருகிறது.

அடுத்தது கடைசிப் பத்தி. "இன்றே அனுப்புங்கள்" என்று முடிக்க வேண்டும் என்றார். பழைய வாடிக்கையாளர்களிடம் அது எடுபடும். அப்பாவின் குரல் இருக்கும் கேசட்டை வைத்துக்கொண்டு தயங்குபவரிடம் எடுபடாது. அவரிடம் நாம் கேட்கக் கூடியது, அவருக்கு எந்த நஷ்டமும் இல்லாத ஒன்று. படம் எடுத்து அனுப்புவதில் கேசட் அவர் வீட்டைவிட்டு நகரவே இல்லை. அதோடு, தன்னிடம் இருப்பது மினி டிவியா, ஹை8-ஆ, வி.எச்.எஸ்.ஸா என்று பெரும்பாலானோருக்குத் தெரியாது. அந்தப் பெயர்களைக் கேப்ஷனில் அடுக்கி அவர்களைக் குழப்ப வேண்டிய தேவையும் போய்விட்டது.

இரண்டாவது கேப்ஷனையும் மூன்றாவதையும் ஒப்பிட Boost post பொத்தானை விட்டுவிட்டு, விளம்பரங்களை விரிவாக அமைக்கும் Ads Manager-க்குப் போனோம். இரண்டு காரணம். ஒன்று, கடந்த 365 நாளில் பக்கத்தோடு ஏதாவது தொடர்பு வைத்திருந்தவர்களை அங்கே விலக்கிவிடலாம். அப்படி விலக்காவிட்டால் பழைய ஆட்களின் லைக் உள்ளே கலந்து, புதியவர்களுக்குக் கேப்ஷன் புரிந்ததா என்பதே தெரியாமல் போகும். இன்னொன்று, A/B சோதனையாக ஓட்டினால் ஒரே ஆள் இரண்டையும் பார்க்காதபடி கூட்டம் பிரிக்கப்படும். படம் ஒன்று, இலக்கு ஒன்று, நாட்கள் ஏழு. கீழ்ப்பகுதி வாசகம் மட்டும் வேறு.

மெசேஜ்களின் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அக்காவுக்கு ஏமாற்றம். எனக்கு அது இயல்பாகவே பட்டது, ஏனென்றால் திரையில் தெரியும் தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான். யார் நிற்கிறார் என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது. வித்தியாசம் மெசேஜுக்கு உள்ளே இருந்தது. இரண்டாவது கேப்ஷனிலிருந்து வந்தவர்கள் மறுபடியும் "விலை?" என்றார்கள். மூன்றாவதிலிருந்து வந்தவர்களில் பாதிக்கு மேல் படத்தோடு வந்தார்கள். தூசி படிந்த கேசட், லேபிளில் மங்கிய பேனா எழுத்து, சிலர் ஒரு பெட்டி முழுவதையும் கொட்டிப் பரப்பி எடுத்திருந்தார்கள். அவர்களோடுதான் உரையாடல் நீண்டது, பார்சல் வந்ததும் அவர்களிடமிருந்துதான். ஒரு வாரம், ஒரு சின்னத் தொகை. இதை வைத்து எல்லாத் தொழிலுக்கும் கணக்குச் சொல்ல மாட்டேன். முதல் பூஸ்டோடு இவற்றை ஒப்பிடவும் முடியாது, ஏனென்றால் அங்கே இலக்கு, படம், கேப்ஷன் மூன்றுமே வேறு.

எண்களில் ஒரு இடத்தில் மட்டும் ஏமாறாமல் இருக்க வேண்டும். மொத்த கிளிக் என்று காட்டும் எண்ணில் "See more"-ஐத் தட்டியது, படத்தைத் தட்டியது, லைக் போட்டது எல்லாம் அடங்கும். டிவி என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தவர்களின் தட்டலும் அதில்தான் சேரும். அக்கா முதல் பூஸ்ட் நன்றாகப் போனது என்று தொடக்கத்தில் நம்பிக்கொண்டிருந்தது அந்த எண்ணைப் பார்த்துத்தான். நமக்கு வேண்டியது தொடங்கிய உரையாடல்கள் எத்தனை என்பதும், அவற்றில் இரண்டாவது மெசேஜ் வரை போனவை எத்தனை என்பதும். பின்னது Ads Manager காட்டும் எண்களில் நமக்குத் தோதாக வராது. உட்கார்ந்து கையால் எண்ணினோம்.

மூன்றாவது கேப்ஷனிலும் ஒரு ஓட்டை இருந்தது. படம் அனுப்பியவர்களில் சிலர் அனுப்பியது ஆடியோ கேசட். "வீடியோ கேசட்" என்று தெளிவாக எழுதியிருந்தும், விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் "பழைய", "கேசட்" என்ற இரண்டு சொல்தான் பட்டிருக்கிறது. அக்காவிடம் ஆடியோ கேசட்டுக்கான மெஷின் இல்லை. கேப்ஷனில் "ஆடியோ கேசட் எடுப்பதில்லை" என்று ஒரு வரி சேர்க்கப் பார்த்தோம். அது உள்ளே போய்விடும், அவர்கள் படிக்கப் போவதில்லை. அதனால் படத்தை மாற்றினோம்: கையில் இருக்கும் வீடியோ கேசட்டின் நாடா சுருள் நன்றாகத் தெரியும்படி, இன்னும் நெருக்கத்தில். பூஸ்டை மறுபடி ஓடவிட்டிருக்கிறோம். ஆடியோ கேசட் படங்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. அப்படி வருகிறவர்களுக்கு அனுப்ப ஒரு நல்ல பதிலை இப்போது அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார்.